பொம்மைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் நவராத்திரிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று கொலுவின் புராணம் பேசப் போவதில்லை. துணியைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். கையில் கொண்டுவந்திருப்பதும் துணிதான். இரண்டு நிறத் துணி, ஒரு பழைய வேட்டி, ஒரு கிருஷ்ணர் பொம்மை, ஒரு மரப்பாச்சி. இந்தக் கிருஷ்ணர் பண்ருட்டியிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று அம்மா சொல்வார். மூக்கு நுனியில் கொஞ்சம் வண்ணம் போயிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா போனபிறகு நான் தனியாக வைத்த முதல் கொலு அது. கடைத்தெருவுக்குப் போனேன். லெபோ பாசார் என்று பலகையில் இருந்தாலும் நமக்கு அது கடைத்தெருதானே. தீபாவளிச் சரக்கு வந்து குவிந்திருந்த நேரம். பளபளவென்று ரத்தச் சிவப்பில் சாட்டின் துணி, அதில் பொன் ஜிகினா. ஐந்து மீட்டர் வாங்கிவந்து படிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் "அடேயப்பா, என்ன திரை!" என்றார்கள். திரையைத்தான் சொன்னார்கள். பொம்மையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவு படம் எடுத்துப் பார்த்தால், சிவப்புப் புடவை கட்டிய மகாலட்சுமி இருக்கும் இடத்தில் ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டும் மிதக்கின்றன. அந்த முகமும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் முகம்போல வெளிறியிருந்தது.

துணி மட்டமான துணி இல்லை, விலையும் கூடத்தான். தப்பு எங்கே என்று புரிய எனக்கு இரண்டு நவராத்திரி ஆயிற்று. இரண்டு தப்புகள். ஒன்று நிறத்தைப் பற்றியது. மற்றொன்று, நான் தவறான இடத்தில் காசு செலவழித்தது. இரண்டாவதை முதலில் பேசலாம், ஏனென்றால் அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

ஐந்து படி கொலுவைக் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்திரை என்று நாம் தொங்கவிடுகிற துணி எந்தப் பொம்மைக்குப் பின்னால் வருகிறது? மேல் படியில் இருக்கிற கலசத்துக்கும் அம்மன்களுக்கும் மட்டும்தான். நான்காம் படியில் நிற்கிற பொம்மைக்குப் பின்னால் இருப்பது ஐந்தாம் படியின் நிற்கிற பக்கம். மூன்றாம் படிக்கு நான்காம் படியின் நிற்கிற பக்கம். அதாவது கொலுவில் ஐந்தில் நான்கு பங்கு பொம்மைகளுக்குத் திரை என்பது படியேதான். பொம்மை நிற்கிற இடத்தைப் படித்தட்டு என்றும், அதன் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிற இடத்தைப் படிமுகம் என்றும் சொல்லிக்கொள்வோம். நாம் மாதக்கணக்கில் யோசித்துத் திரை வாங்குகிறோம். படிமுகத்துக்கோ பீரோவில் கிடைத்த புடவையைப் போர்த்திவிடுகிறோம்.

இப்படிப் போர்த்துகிற புடவை செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. ஆறு அடி அகலப் படியில் பட்டுப் புடவையைக் குறுக்கே விரித்தால் சரிகைக் கரை எங்கே விழும்? பெரும்பாலும் படிமுகத்தின் நடுவில். அது முன்படியில் நிற்கும் பொம்மையின் கழுத்துக்கு நேராகப் போகிறது. எட்டங்குலப் பொம்மை, நான்கு விரல் கரை, அதுவும் மின்னுகிற கரை. கண் கரையைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலம் ஓடிவிடும், பொம்மையிடம் நிற்காது. கோடு கழுத்தை வெட்டுகிறது என்று நான் சொல்வேன். கரை இருக்கலாம். ஆனால் அது படித்தட்டின் விளிம்பில், பொம்மையின் பாதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கே அது பொம்மை நிற்கிற மேடையைக் காட்டித்தரும்.

அடுத்து, பார்க்கிறவர் எங்கே இருக்கிறார்? பாயில் உட்கார்ந்து பாடுகிறவரின் கண் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குல உயரம் என்றால் மூன்றாம் படியின் தட்டு இருபத்தேழு அங்குலம். அதற்கு மேலே உள்ள எந்தத் தட்டும் அவருக்குத் தெரியாது, படிமுகம் மட்டும்தான் தெரியும். வாசலில் நின்று பார்க்கிறவருக்கோ கண் ஐந்தடியில் இருக்கிறது, எல்லாத் தட்டும் தெரியும், ஆனால் பொம்மையின் மார்புக்குப் பின்னால் அவருக்கும் படிமுகமே. ஆகையால் இருவருக்கும் பொதுவானது அந்த ஒன்பதங்குலப் பட்டைதான்.

பொம்மை படியைவிட உயரமாக இருந்தால் கதை கெட்டது. ஒன்பதங்குலப் படியில் ஒரு அடிப் பொம்மையை வைத்தால், அதன் முகம் சரியாக அந்த மிச்ச மூன்று அங்குலத்தில் வந்து நிற்கும். உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, முகத்துக்குப் பின்னால் மேல்படிப் பொம்மையின் காலும் பீடமும் தெரியும். எந்த நிறத் துணியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. உயரமான பொம்மையை மேல் படிக்கோ தரைக்கோ அனுப்புங்கள். மனசு வரவில்லை என்றால், அதற்கு நேர் பின்னால் மேல்படியில் இரண்டு பொம்மை இடத்தைக் காலியாக விடுங்கள். காலி இடம் விடுவதற்கு நம் வீடுகளில் யாருக்கும் தைரியம் வருவதில்லை, அது வேறு விஷயம்.

இனி நிறம்.

பாரிஸில் கோபெலின் என்று ஒரு பழைய நெசவுக்கூடம் உண்டு, படம்போலத் திரைச்சீலை நெய்கிற இடம். 1824இல் அங்கே சாயப் பகுதிக்கு ஷெவ்ரோல் என்கிற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை, சாயம் சரியில்லை என்று நெசவாளர்கள் குறை சொன்னார்கள். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கறுப்பு நூல் நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்தது, பக்கத்து நிறம்தான் அதை மங்க அடித்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் அதையே ஆராய்ந்து 1839இல் பெரிய புத்தகமாகப் போட்டார். மனிதர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர், அவசரமில்லை.

அவர் கண்டதை நம் கொலுவுக்குச் சொன்னால் இப்படி வரும்: பெரிய பரப்பில் இருக்கும் நிறம், பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளைத் தனக்கு எதிர் நிறத்தின் பக்கமாகத் தள்ளும். சிவப்புத் திரை பக்கத்தில் உள்ளதைப் பச்சைப் பக்கம் தள்ளும். என் மகாலட்சுமியின் முகம் காய்ச்சல் முகமானது அதனால்தான். பச்சைத் திரை வைத்தால் அதே முகம் ரோஜாப் பக்கம் போகும். வெற்றிலையில் வைத்த குங்குமம் தட்டில் வைத்த குங்குமத்தைவிடச் சிவப்பாகத் தெரிகிறதே, அதே சங்கதி. இதைச் சொல்வதற்கு ஷெவ்ரோல் எதற்கு, எங்கள் பாட்டி போதுமே என்று நீங்கள் கேட்கலாம். பாட்டி வெற்றிலையில்தான் வைத்தார், ஏன் என்று சொல்லவில்லை.

ஆனால் நிறத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெளிச்சம், இருட்டு. மண் பொம்மைகளின் முகத்தைப் பாருங்கள். ரோஜா, மஞ்சள், வெளிர் நீலம், சந்தனம், எல்லாமே வெளிர் நிறம். வெளிரான முகம் இருண்ட துணிக்கு முன்னால்தான் எழுந்து நிற்கும். கிருஷ்ணருக்குச் சந்தன நிறத் துணி பொருத்தமாக இருக்கும் என்று கையில் வைத்துப் பார்க்கும்போது தோன்றும். பத்தடி தள்ளிப் போனால் இரண்டும் ஒரே வெளிச்ச அளவு, முகம் கரைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பது. படம் வரைகிறவர்கள் செய்வதுதான். இல்லையென்றால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அதில் பொம்மையின் உருவக்கோடு தெரிந்தால் துணி சரி. தெரியவில்லை என்றால் அந்த நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒன்று, இதைப் பகல் வெளிச்சத்தில் செய்யாதீர்கள். நம் ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் முன்பக்கம் குறுகி, உள்ளே நீண்டு போகிறவை. பகலில் நடுமுற்றத்து வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். விருந்தினர் வருவதோ இரவு ஏழுக்குமேல். அந்த நேரத்தில், அந்த விளக்கைப் போட்டுப் பாருங்கள். குத்துவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலத் துணி கறுப்பாகவே தெரியும். கறுப்பு வேண்டாம் என்று நினைத்துக் கருநீலம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

துணியின் தன்மையும் இதில் சேர்ந்ததுதான். சாட்டின் வெளிச்சத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வெள்ளைக் கோடு விழும், அது பொம்மையின் முகத்தைவிட வெளிச்சமாக இருக்கும். சாதாரணப் பருத்தித் துணி, பளபளப்பு இல்லாதது, அதுதான் திரைக்கு ஏற்றது. வெல்வெட் இன்னும் நன்றாக வெளிச்சத்தைக் குடிக்கும், ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு அதைப் பாதுகாப்பது பெரும்பாடு. கிரேப் காகிதம் வேண்டவே வேண்டாம். புரட்டாசி மழையில் ஒரு சாரல் பட்டால் சாயம் ஒழுகி வேட்டியிலும் பொம்மையிலும் இறங்கும்.

இப்போது என் வீட்டுக் கொலுவை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஐந்து படி, ஆறடி அகலம், படி உயரம் ஒன்பதங்குலம், தட்டு ஆழம் பத்தங்குலம். மேல் படியில் கலசம், முப்பெரும் தேவியர், மரப்பாச்சித் தம்பதி. நான்காம் படியில் தசாவதாரம். மூன்றில் ஆழ்வார்கள், நாயன்மார், வள்ளுவர். இரண்டில் கல்யாண செட், செட்டியாரும் ஆச்சியும் அவர்களுடைய மளிகைக் கடையும். முதல் படியில் கிராமம், மரம், கிணறு. தரையில் பேரன்களின் வேலை: கொடிமலை, அதில் ஏறுகிற ரயில், பக்கத்தில் ஒரு ரிக்‌ஷா.

தட்டுக்கு வேட்டி. இதில் நான் பழைய வழக்கத்தை விடவில்லை, விடக்கூடாது என்பது என் கட்சி. வெள்ளைத் தட்டு விளக்கின் ஒளியை மேல்நோக்கித் திருப்பி, பொம்மையின் மோவாய்க்குக் கீழே விழும் நிழலைக் குறைக்கும். நான்கு முழ வேட்டியை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் சுமார் பதினாறு அங்குல அகலம் கிடைக்கும். அதைத் தட்டில் விரித்தால் பத்தங்குலம் தட்டுக்கு, இரண்டங்குலம் முன்விளிம்பில் தொங்க, மிச்சம் பின்னால் செருக. கரை வெளியே தெரியுமாறு மடித்தால் அந்த இரண்டங்குலத் தொங்கலில் கரை அமைந்துவிடும். ஒரு படிக்கு ஒரு வேட்டி, ஐந்து வேட்டி. கத்தரிக்கோல் வேண்டியதில்லை, பண்டிகை முடிந்ததும் வேட்டி வேட்டியாகவே திரும்பிவிடும்.

படிமுகத்துக்கு அரக்கு நிறப் பருத்தித் துணி. ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் இரண்டு மீட்டர் வாங்கினால், பதினோரு அங்குல அகலத்தில் ஐந்து பட்டைகள் நறுக்கலாம். ஒன்பது அங்குலம் முகத்துக்கு, இரண்டு அங்குலம் மடித்துத் தைக்க. இதை முதலில் இழுத்துப் பிடித்து ஒட்டிவிட்டு, பிறகு வேட்டியை விரிக்க வேண்டும். வேட்டியின் கரை பட்டையின் மேல்விளிம்பை மூடிக்கொள்ளும். ஏன் அரக்கு? தசாவதாரத்தில் நீல உடம்பு, பச்சை உடம்பு, மஞ்சள் உடம்பு எல்லாம் உண்டு. இரண்டாம் படியில் மஞ்சளும் சந்தனமும் நிறைய. முதல் படி முழுக்க மரங்களின் பச்சை. இவ்வளவுக்கும் பொதுவாக ஒத்துவருகிற இருண்ட நிறம் அதுதான்.

ஒத்துவராத ஒரு பொம்மையும் உண்டு. கல்யாணப் பெண், சிவப்புக் கூறைப்புடவை. அரக்கில் அவள் புடவை மங்கும். பொன் கரையும் வெளிர் முகமும் அவளைக் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. அவளுக்குப் பின்னால் ஒரு சின்ன மணப்பந்தல் அட்டையைச் சந்தன நிறத்தில் வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. ஒரு பொம்மைக்காக மொத்தப் படியின் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை.

பின்திரை பாசிப்பச்சை, இருண்ட பச்சை. இதோ இந்தத் துணி. மேல் படியில் சிவப்பு லட்சுமி, வெள்ளைச் சரஸ்வதி, சிவப்பு துர்க்கை. மூவருக்கும் இது பொருந்துகிறது. அரக்கையே திரையாகவும் போட்டிருந்தால் என் பழைய சாட்டின் கதை திரும்பியிருக்கும். பாருங்கள், கிருஷ்ணரை இதன்முன் பிடிக்கிறேன், பரவாயில்லை, தெரிகிறார். அரக்கின்முன் பிடிக்கிறேன். பின்வரிசையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், எது? ஆம், அரக்குதான்.

சரி, மரப்பாச்சி. இதுதான் எனக்குப் பெரிய தலைவலி. செம்மரம், கரும்பழுப்பு. இருண்ட திரையின்முன் இருண்ட பொம்மை, காணாமலே போய்விடும். மற்ற எல்லாப் பொம்மைக்கும் சரியான துணி இவர்களுக்கு மட்டும் தப்பு. அம்மா இவர்களுக்கு ஆண்டுதோறும் மயில்கழுத்துப் பட்டு உடுத்துவார். நான் சந்தன நிறப் பட்டுக்கு மாற்றினேன். உடம்பு தெரிந்தது, முகம் தெரியவில்லை. பிறகு கரை வைத்த அங்கவஸ்திரம் ஒன்றை, ஒரு அடி அகலத்துக்கு மடித்து, திரையின்மேல் இவர்களுக்கு நேராக மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டேன். கோயில் தூண்போல ஒரு வெளிர்ப் பட்டை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கோணலாகத் தெரியும் என்று மறுபக்கமும் ஒன்று. வலப்பக்கப் பட்டையின்முன் தம்பதி, இடப்பக்கப் பட்டையின்முன் பித்தளைக் குத்துவிளக்கு வைக்கலாமா என்று நினைத்து உடனே விட்டுவிட்டேன். தொங்குகிற துணிக்குப் பக்கத்தில் எரிகிற விளக்கு கூடவே கூடாது. விசிறி சுற்றுகிற வீட்டில் துணி எப்போது ஆடும் என்று யாருக்குத் தெரியும்? செயற்கை இழைத் துணி என்றால் உருகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விளக்கு தரையில், படிக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இடப்பக்கத்தில் இப்போது ஒரு செண்டு வைத்த வெண்கலச் செம்பு இருக்கிறது.

திரையைத் தொங்கவிடுவதில் ஒரு வார்த்தை. படியைவிட இரண்டு பக்கமும் ஒரு அடி அதிகம், அதாவது எட்டடி அகலம், ஏழடி உயரம். மேலும் கீழும் துணியை மடித்து உறைபோலத் தைத்து, இரண்டிலும் ஒவ்வொரு பிவிசி குழாயைச் செருகிவிடுங்கள். கீழ்க்குழாயின் கனம் துணியை இழுத்துப் பிடிக்கும், விசிறிக் காற்றுக்கு ஆடாது. கொசுவம் வைத்துத் தொங்கவிட்டால் பார்க்கப் பணக்காரத்தனமாக இருக்கும்தான். ஆனால் ஒவ்வொரு கொசுவமும் ஒரு வெளிச்சக்கோடு, ஒரு இருட்டுக்கோடு. பொம்மையின் கையும் வீணையும் அந்தக் கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். படிக்கும் திரைக்கும் நடுவில் அரை அடி இடைவெளி விடுங்கள், பொம்மையின் நிழல் திரையில் பெரிதாக விழாது. சர விளக்கைத் திரையில் மாட்டாதீர்கள். பின்னால் வெளிச்சம் வந்தால் முன்னால் இருக்கிற முகம் இருளும். மாட்டித்தான் ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் படியின் முன்பக்கச் சட்டத்தில், பொம்மைகளைப் பார்த்தாற்போல மாட்டச் சொல்லுங்கள்.

முன்வரிசையில் இருக்கிற அக்கா சற்றுமுன் கேட்டார், ஒன்பது நாளும் ஒன்பது நிறம் என்கிறார்களே, திரையையும் தினம் மாற்றலாமா என்று. உடுத்துகிற புடவையை மாற்றுங்கள், தாராளமாக. கொலுவைக் கலசம் வைத்த பிறகு அசைப்பது நம் வழக்கமில்லை. திரையை மாற்றப் போனால் மேல் படியில் கை படாமல் முடியாது. அதுமட்டுமல்ல, மூன்றாம் நாள் மஞ்சள் திரை வந்தால் உங்கள் சரஸ்வதி என்ன ஆவார் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அதனால்தான் சொல்கிறேன், சோதனையெல்லாம் அமாவாசைக்கு முன்பே முடியட்டும். வெறும் படியில் ஒரு வெளிர்ப் பொம்மை, ஒரு கறுத்த பொம்மை, ஒரு சிவப்புப் பொம்மை மூன்றையும் வைத்து, இரவில் விளக்குப் போட்டு, வாசலிலிருந்து ஒரு தடவை, பாயிலிருந்து ஒரு தடவை பாருங்கள். கால் மணி நேர வேலை.

புதுத்துணியின் மடிப்புக் கோடு கட்டம் கட்டமாகத் தெரியும், இஸ்திரி போட்டாலும் முழுக்கப் போகாது. விஜயதசமியன்று குயீன் தெரு மாரியம்மன் தேர் பார்த்துவிட்டு வந்து, ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் இறக்கும்போது, திரையை மடிக்காதீர்கள். அதன் கீழ்க்குழாயிலேயே பாய்போலச் சுருட்டி, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, பழைய வேட்டியொன்றில் பொதிந்து பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள். என்னுடையது அங்கேதான் நிற்கிறது. அந்தச் சிவப்புச் சாட்டின் இப்போது தையல் மிஷினுக்கு உறை.